அழுகிற பிள்ளை, கழுத்தில் ஐடி கார்டு

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் தவறாமல் வரும் காட்சி அது. எல்.கே.ஜி. வகுப்பு வாசலில் அம்மாவின் துப்பட்டாவை விடாமல் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை வீறிட்டு அழும். ஆயாம்மா ஒரு கையைப் பிடித்து உள்ளே இழுப்பார். நடுவில் ஒரு மைக் நீளும்: "ஏன் பாப்பா அழுறே? உன் பேரு என்ன?" எடிட்டிங்கில் ஒரு வடிவேலு வசனம் சேரும். பார்க்கிற நமக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும்.

முன்பெல்லாம் அந்தக் காட்சி இரவுச் செய்தியோடு போய்விடும். இன்று அதே அரை நிமிடம் ஷார்ட்ஸாகி, ரீல்ஸாகி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாகி, கடைசியில் மீம் டெம்ப்ளேட்டாக நிலைத்துவிடுகிறது. அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போகும்போதும் அதன் அழுகை யாரோ ஒருவரின் போனில் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த அரை நிமிடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். குறிப்பிட்ட எந்தச் சேனலின் வீடியோவும் அல்ல இது. ஆண்டுதோறும் வருகிற ஏராளமான கிளிப்களின் பொது அச்சு. முதல் ஷாட்டில் பள்ளியின் பெயர்ப் பலகை. அடுத்தது பிள்ளையின் முகம், குளோஸப்பில். கழுத்தில் ஐடி கார்டு தொங்குகிறது. பிள்ளை காணாமல் போனால் உதவட்டும் என்று பல பள்ளிகள் அதில் பெயர், வகுப்பு, அப்பா பெயர், ரத்த வகை, பெற்றோரின் செல்போன் எண் எல்லாவற்றையும் அச்சிடுகின்றன. இப்போதைய செல்போன் கேமரா எடுக்கும் துல்லியத்தில், கார்டு நேராகத் திரும்புகிற ஒரு ஃபிரேம் கிடைத்தால் போதும். பெரிதாக்கி எண்ணைப் படித்துவிடலாம். கார்டு தெரியவில்லை என்றாலும் பிள்ளையே மைக்கில் பெயரைச் சொல்லிவிட்டது. அம்மா கிளம்பும்போது ஸ்கூட்டரின் நம்பர் பிளேட். பின்னால் நிற்கும் பள்ளி வேனின் கண்ணாடியில் அது போகிற தடம். வீடியோவின் தலைப்பில் ஊர்ப் பெயர்.

இதில் எந்த ஒன்றும் தனியாக ரகசியம் இல்லை. சேர்த்து வைத்துப் பார்த்தால், முன்பின் தெரியாத ஒருவர் நாளை மாலை அந்த வாசலுக்குப் போய், பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அப்பா பெயரையும் சொல்லி "அவர்தான் அனுப்பினார்" என்று பேச்சுக் கொடுக்கத் தேவையான அத்தனையும் அந்த அரை நிமிடத்தில் இருக்கிறது. கேமராமேனுக்கு அப்படியோர் எண்ணமே இருந்திருக்காது. எண்ணம் இல்லாமலேயே இது நடந்துவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

சும்மா விளையாடுகிற வீடியோதானே?

குழந்தை வீடியோக்களைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் அத்தை மாமாக்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 2019 பிப்ரவரியில் அந்த நினைப்பு உடைந்தது. சிறுமிகள் உடற்பயிற்சி செய்வது, நீச்சலடிப்பது போன்ற மிகச் சாதாரண யூடியூப் வீடியோக்களின் கமென்ட் பகுதியில் வெறும் நேரக் குறியீடுகளாகச் சிலர் எழுதிவந்தார்கள். இத்தனையாவது நிமிடம், இத்தனையாவது விநாடி என்று. அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தால் பிள்ளை குனிகிற, உடை விலகுகிற நொடி இருக்கும். விளம்பரதாரர்கள் விலகத் தொடங்கியதும், சிறார்கள் இடம்பெறும் பெரும்பாலான வீடியோக்களில் கமென்ட் பகுதியையே யூடியூப் மூடியது.

அதே ஆண்டு ஜூனில் 'நியூயார்க் டைம்ஸ்' இன்னொரு கோணத்தைக் காட்டியது. பிரேசிலில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தோழியோடு வீட்டுக் கொல்லைப்புற நீச்சல் தொட்டியில் விளையாடிய வீடியோ, சில நாட்களில் 4 லட்சம் பார்வைகளைத் தொட்டிருந்தது. அதைத் தேடி யாரும் போகவில்லை. வேறு மாதிரியான வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு யூடியூபின் பரிந்துரை முறையே 'அடுத்து இதைப் பாருங்கள்' என்று அதைக் கொண்டுபோய் நீட்டியிருக்கிறது. பதிவேற்றியவரின் நல்ல மனதுக்கும், அந்த வீடியோ போய்ச் சேரும் இடத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

'பொது இடம்தானே சார்?'

கேமராவோடு தெருவில் நிற்கிறவர்களிடம் கேட்டால் முதலில் வருகிற பதில் இது. பொது இடத்தில் கேமராவை எடுப்பதே குற்றம் என்று நம் சட்டம் எங்கும் சொல்லவில்லை. அந்த வரைக்கும் அவர்கள் சொல்வது சரி. கடற்கரையைப் படம்பிடித்தால் ஆயிரம் பேர் விழுவார்கள். அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம்.

ஆனால் கூட்டத்தில் ஒருவராக விழுவது வேறு. அந்த ஒருவரே வீடியோவாக ஆவது வேறு. எடிட்டர்கள் எளிதாகச் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு: அந்த ஆளை ஃபிரேமிலிருந்து எடுத்துவிட்டால் கிளிப்பில் ஏதாவது மிஞ்சுமா? மிஞ்சினால் அவர் பின்னணி. ஒன்றும் மிஞ்சாது என்றால் அவர்தான் கன்டென்ட். அவரிடம் கேட்டே ஆகவேண்டும். ரயிலில் வாயைப் பிளந்து தூங்குகிறவர், கல்யாண வீட்டில் தன்னை மறந்து ஆடுகிற பாட்டி, சிக்னலில் சண்டை போடும் கணவன் மனைவி எல்லாரும் இந்த இரண்டாவது கணக்கில் வருவார்கள்.

2015 ஆகஸ்டில் டெல்லி மெட்ரோவில் சீருடையில் இருந்த ஒரு போலீஸ்காரர் தள்ளாடி விழும் கிளிப் நாடு முழுக்கப் பரவியது. 'குடிகாரப் போலீஸ்' என்று தலைப்பு. சஸ்பெண்ட் செய்யப்பட்டார். அவர் முன்பே பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டவர், அந்தத் தள்ளாட்டம் நோயின் விளைவு என்பது பிறகு தெரியவந்து, பணியில் திரும்பச் சேர்க்கப்பட்டார். பணி திரும்பியது. அந்தக் கிளிப்பைப் பார்த்துச் சிரித்தவர்களில் எத்தனை பேரிடம் இந்தப் பின்பாதி போய்ச் சேர்ந்திருக்கும்? மெட்ரோவும் பொது இடம்தான்.

சட்டமும் 'பொது இடம்' என்ற ஒரே வார்த்தையோடு நின்றுவிடவில்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தது. பொது இடத்துக்கு வந்துவிட்டதாலேயே ஒருவர் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை, அது ஆளோடு ஒட்டியது என்ற விளக்கம் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அதற்கு வெகுமுன்னால், 1994-ல், நம் ஊர் வழக்கு ஒன்றும் உண்டு. ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை 'நக்கீரன்' வெளியிடுவது பற்றிய வழக்கு. பொது ஆவணங்களில் இருப்பதை வெளியிடலாம் என்று பத்திரிகை பக்கம் நின்ற உச்ச நீதிமன்றம், அதே மூச்சில், ஒருவரின் குடும்பம், திருமணம், குழந்தை வளர்ப்பு போன்ற சொந்த விஷயங்களை அவர் சம்மதமின்றி வெளியிட்டால் நஷ்டஈடு கொடுக்க வேண்டிவரும் என்றும் சொன்னது. பிராங்க் வீடியோக்கள் மற்றவர்களின் அந்தரங்கத்தை மீறுவதை, 2019 ஏப்ரலில் டிக்டாக் வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் கண்டித்தது.

இனி வரப்போவது இன்னும் கறாரானது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரும் குழந்தைகள்தான். அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும்; அந்தச் சம்மதம் சரிபார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும். குழந்தைகள் தொடர்பான கடமையை மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. ஒருவர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காக எடுப்பதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது. விளம்பர வருமானம் வாங்குகிற சேனல் 'வீட்டுத் தேவை' என்று வாதாடுவது கடினம். செய்தித் துறைக்கும் இதில் தனி விலக்கு தரப்படவில்லை என்பதைப் பத்திரிகைக்காரர்கள் இப்போதே கவனிப்பது நல்லது.

எதற்குச் சம்மதம்?

2021 ஜனவரியில் பெசன்ட் நகர் கடற்கரையில் 'பப்ளிக் ஒப்பீனியன்' எடுத்துவந்த யூடியூப் சேனல் ஒன்றைச் சேர்ந்த மூன்று பேரைச் சென்னைப் போலீஸ் கைது செய்தது. பெண்களிடம் ஆபாசமாகக் கேள்வி கேட்டு, பதில்களை வைரலாக்குவது அவர்கள் பாணி. அதில் பேசிய ஒரு பெண், வீடியோ பரவிய பிறகு தனக்கு வந்த வசவுகளைத் தாங்க முடியாமல் வெளியே வந்து பேசினார். உடனே சமூக ஊடகத்தில் எழுந்த கேள்வி, 'கேமரா முன்னால் அவராகத்தானே பேசினார்?' என்பது.

இந்தக் கேள்விதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். மைக் முன் நிற்பதற்குச் சம்மதம் என்பது, பதினைந்து நிமிடப் பேச்சிலிருந்து எட்டு விநாடியை வெட்டி எடுப்பதற்குச் சம்மதம் ஆகாது. அந்த எட்டு விநாடிக்கு ஒரு கொச்சையான தம்ப்நெயில் போடுவதற்கு ஆகாது. மூன்று வருடம் கழித்து அதையே மீண்டும் ஷார்ட்ஸாக விடுவதற்கு நிச்சயம் ஆகாது. சம்மதம் எதற்கு என்று சொல்லி வாங்கப்படவில்லை என்றால் அது சம்மதமே இல்லை என்பேன்.

சரியாகக் கேட்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. லோகோ உள்ள மைக்கை நீட்டுவதற்கு முன்பே சேனல் பெயர், தலைப்பு, எங்கெல்லாம் வெளியாகும், துண்டாகவும் வெளியாகுமா என்பதைச் சொல்ல வேண்டும். பேட்டி முடிந்ததும், ஆமாம், முடிந்த பிறகுதான், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே "இப்போ பேசினதைப் போடலாமாங்க?" என்று இன்னொரு முறை கேட்க வேண்டும். என்ன பேசினோம் என்பது அப்போதுதான் அவருக்கே தெரியும். அந்தப் பதிலை வெட்டாமல் ரா ஃபுட்டேஜோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வாட்ஸ்அப் எண்ணைக் கொடுத்து, வெளியாவதற்கு முன் 'வேண்டாம்' என்று சொல்ல ஒரு நாள் விட்டால் இன்னும் நல்லது. இப்படிக் கேட்டால் பாதிப் பேர் மறுத்துவிடுவார்கள் என்று சேனல்காரர்கள் சொல்லக்கூடும். மறுக்கக்கூடிய அந்தப் பாதிப் பேருக்காகத்தானே கேட்பதே.

பிள்ளைகள் விஷயத்தில் இது போதாது. அப்பாவோ அம்மாவோ, அவர்கள் இல்லையென்றால் சட்டப்படியான காப்பாளரோ சம்மதிக்க வேண்டும். நடைமுறையில் பள்ளியில் எடுக்கும்போது ஹெச்.எம். தலையசைத்தாலே வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்கிறார்கள். வளாகத்துக்குள் வர அனுமதிக்கத் தலைமையாசிரியருக்கு அதிகாரம் உண்டு; பிள்ளையின் முகத்தை ஊருக்குக் காட்ட அனுமதி தருவது அவர் கையில் இல்லை. சேர்க்கையின்போது வாங்கும் படிவத்தில் பொதுவாக ஒரு வரி இருக்கிறது என்பதும் செல்லாது. ஆண்டு விழாப் படத்துக்கு வாங்கிய கையெழுத்து, பொதுத் தேர்வு முடிந்த வாசலில் "கணக்குல கோட்டை விட்டுட்டேன்" என்று கண் கலங்கும் மாணவிக்குப் பொருந்துமா? பெற்றோர் சரி என்று சொன்னாலும், பிள்ளை முகத்தை மூடிக்கொண்டால் கேமராவை இறக்கிவிட வேண்டும். நாலு வயதுப் பிள்ளைக்கும் 'வேணாம்' என்று சொல்லத் தெரியும்.

உதவி வீடியோக்கள்

சிக்னலில் பிச்சையெடுக்கும் சிறுவனுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்து, அவன் சாப்பிடுவதை ஸ்லோமோஷனில் காட்டி, பின்னால் சோக இசை ஓடவிடும் வீடியோக்களுக்கு லட்சக்கணக்கில் லைக் விழுகிறது. எடுப்பவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், பிச்சையெடுக்கும் குழந்தையையும் தெருவில் வாழும் குழந்தையையும் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்றே வரையறுக்கிறது. அதே சட்டத்தின் 74-வது பிரிவு, விசாரணை பற்றிய செய்திகளில் அப்படிப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் காட்டும் வேறு எதுவும் வரக்கூடாது, படமும் வெளியிடக்கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உதவி வீடியோ 'விசாரணைச் செய்தி' ஆகுமா என்று வக்கீல்கள் வாதாடலாம். அந்தப் பையனின் முகத்தைக் காட்டாமலே பிரியாணி கொடுக்க முடியும் என்பதில் வாதமே இல்லை. செய்ய வேண்டிய முதல் வேலை, 1098-க்குப் போன் போடுவது.

பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தை என்றால் இந்த இடைவெளியும் கிடையாது. போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு, பெயர், முகவரி, படம் மட்டுமின்றிக் குடும்ப விவரம், பள்ளி, சுற்றுவட்டாரம் வரை எதையும் சிறப்பு நீதிமன்றத்தின் அனுமதியின்றி ஊடகம் வெளியிடக் கூடாது என்கிறது. பிள்ளையின் முகத்தை மறைத்துவிட்டு, வீட்டு வாசலையும் அழும் தாயையும் காட்டினால் தெருவே அடையாளம் கண்டுகொள்ளும்.

ப்ளர் எங்கே தோற்கிறது?

'அதான் ப்ளர் பண்ணிட்டோமே' என்பது அடுத்த சமாதானம். யூடியூப் ஸ்டூடியோவிலேயே முகங்களைத் தானாகக் கண்டுபிடித்து மங்கலாக்கும் வசதி இருக்கிறது. அதை நம்பிப் பதிவேற்றிவிட்டுப் போவதில்தான் தவறு நடக்கிறது. பிள்ளை சட்டென்று பக்கவாட்டில் திரும்பும்போதோ, ஒரு கை குறுக்கே வந்து விலகும்போதோ மென்பொருள் முகத்தைத் தவறவிடும். ஒரே ஒரு ஃபிரேம் தவறினாலும் போதும். நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுப்பவருக்கு அந்த ஒன்றுதான் வேண்டும். எனவே மங்கலாக்கிய வீடியோவைக் கால் வேகத்தில் ஒரு முறை ஓடவிட்டுப் பார்ப்பது கட்டாயம். முகத்தின் அளவுக்கு மட்டும் ப்ளர் வைக்காமல், முடி, காது, கழுத்து வரை தாராளமாக விட வேண்டும்.

எழுத்தும் எண்ணும் இன்னொரு கதை. ஐடி கார்டு, நம்பர் பிளேட் போன்றவற்றின் மேல் கட்டம் கட்டமாக மொசைக் போட்டால், எந்த எண் எப்படித் தெரியும் என்று ஒப்பிட்டுப் பார்த்து மீட்டுவிட முடியும். அங்கே முழுக் கறுப்புப் பட்டைதான் சரி. குரலைக் கனமாக்கியோ கீச்சாக்கியோ மாற்றுவதும் அதே ரகம், திருப்பி மாற்றிவிடலாம். பேச்சை எழுத்தாகக் காட்டுவதோ, வேறொருவரைப் பேசவைப்பதோ பாதுகாப்பு. வீடியோவில் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, தம்ப்நெயிலில் முகத்தைப் பளிச்சென்று வைக்கிற கூத்தும் நடக்கிறது.

உண்மையில் நல்ல கேமராமேனுக்கு ப்ளரே தேவைப்படாது. அம்மாவின் விரலைப் பிடித்திருக்கும் சின்னக் கை, புதுச் செருப்பு, உள்ளே போகிற பிள்ளையின் முதுகுப் பை என்று எடுத்தால் பள்ளி திறந்த நாளை அழகாகவே சொல்லிவிடலாம். எடுக்காத முகம் கசியாது.

நல்ல செய்தியாக வந்த வீடியோ

2024 ஏப்ரலில் சென்னைப் புறநகர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் மாடியிலிருந்து தவறி, கீழ்த் தளத்துத் தகரக் கூரை விளிம்பில் கிடந்த கைக்குழந்தையை அக்கம்பக்கத்தார் மீட்ட கிளிப்பைப் பார்க்காதவர்கள் குறைவு. கீழே போர்வையை விரித்துப் பிடித்தவர்கள், ஜன்னல் வழியாக ஏறிய இளைஞர் என்று மனிதர்கள் மீது நம்பிக்கை தந்த வீடியோ. எடுத்தவர் எதிர்க் கட்டடத்தில் நின்றவர். அதை வெளியிட்டது தவறு என்று நான் சொல்லமாட்டேன், அது செய்திதான்.

ஆனால் கிளிப்போடு நிற்கவில்லை. எந்தக் குடியிருப்பு, எந்த வீடு, பெற்றோர் யார், என்ன வேலை பார்க்கிறார்கள் என்பதெல்லாம் ஓரிரு நாட்களில் வெளியே வந்தது. 'இவளெல்லாம் ஒரு தாயா?' என்று முகம் தெரியாதவர்கள் தீர்ப்பு எழுதினார்கள். அடுத்த மாதமே அந்தத் தாய் உயிரை மாய்த்துக்கொண்டார் என்ற செய்தி வந்தது. ஒரு மரணத்துக்கு ஒரே காரணத்தைச் சுட்டுவது பிழை. அதைச் செய்ய எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் மீட்பைக் காட்ட அந்தக் குடும்பத்தின் பெயர் தேவைப்படவில்லை, ஊர்ப் பெயர்கூடத் தேவைப்படவில்லை என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. செய்தி எது, அடையாளம் எது என்று பிரித்துப் பார்க்க ஆசிரியர் குழுவில் ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்திருக்க வேண்டும். வைரல் போட்டியில் அந்த ஐந்து நிமிடத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

உங்கள் பிள்ளை ஒரு கிளிப்பில் இருந்தால்

முதலில் லிங்கை நகலெடுத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வீடியோவில் எந்த விநாடியில் பிள்ளை தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கோபத்தில் கீழே கமென்ட் போடாதீர்கள், 'பாருங்க இந்த அநியாயத்தை' என்று ஷேரும் செய்யாதீர்கள். இரண்டுமே அந்த வீடியோவை இன்னும் பலருக்குக் கொண்டுபோகும்.

யூடியூபில் அந்தரங்க மீறல் புகாருக்குத் தனிப் படிவம் இருக்கிறது. சம்பந்தப்பட்டவரே புகார் கொடுக்க வேண்டும். பிள்ளைக்காகப் பெற்றோர் கொடுக்கலாம், சித்தப்பாவோ பக்கத்து வீட்டுக்காரரோ கொடுத்தால் பொதுவாக எடுபடாது. முகமோ குரலோ பெயரோ இன்னாரென்று அடையாளம் தெரிகிற அளவில் இருக்க வேண்டும். புகாரைப் பரிசீலித்து ஏற்றால், பதிவேற்றியவருக்கு 48 மணி நேர அவகாசம் தருகிறார்கள். அதற்குள் அவர் நீக்கினாலோ, அந்தப் பகுதியை வெட்டினாலோ, முகத்தை மங்கலாக்கினாலோ புகார் முடிந்தது. இல்லையென்றால் யூடியூபே முடிவெடுக்கும். அப்போது அது செய்தி மதிப்புள்ளதா, பொதுநலன் இருக்கிறதா என்பதையும் பார்க்கும். பிள்ளையின் உடலை ஆபாசமாகக் காட்டுவதாகவோ, மிரட்டலுக்குப் பயன்படுவதாகவோ இருந்தால் இந்தப் படிவத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். நேராக cybercrime.gov.in தளத்தில் பதியுங்கள், அல்லது அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போங்கள்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். நீக்கப்படுவது நீங்கள் லிங்க் கொடுத்த அந்த ஒரு வீடியோதான். வேறு சேனல் எடுத்துப் போட்ட ஒவ்வொரு நகலுக்கும் தனித்தனியாகத்தான் புகார் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் கைமாறிப் போனதைத் திரும்பப் பெற எந்தப் படிவமும் இல்லை.